கடலை குடித்த எண்ணெய் எவ்வளவு?

கேள்வி: "தருமபுரி பஸ் நிலையத்துக் கடையில் ஒரே நிறுவனத்தின் மூன்று கலவைப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஒன்றில் எண்ணெய் இல்லாமல் வறுத்தது என்ற பொருளில் 'டிரை ரோஸ்டட்' என்று போட்டிருக்கிறது, ஒன்று எண்ணெயில் வறுத்த காரக் கலவை, மூன்றாவது சர்க்கரைப் பூச்சுக் கடலை. மாமனாருக்கு இரத்த அழுத்தம். ஆனாலும் சாயங்காலம் கொறிக்க ஏதாவது வேண்டும் என்கிறார். உப்பும், வெளியிலிருந்து சேர்த்த கொழுப்பும் எதில் குறைவு?"

உப்புக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. இரண்டும் பாக்கெட்டுக்குள் நுழையும் வழி வேறு. ஓசூர்ப் பக்கம் ஒரு நொறுக்குத் தீனித் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் 19 ஆண்டுகள் இருந்தேன். தினமும் காலையில் வரும் மாதிரிகளை இடித்துத் தூளாக்கி, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு என்று அளந்து எழுதுவதுதான் வேலை. இப்போது ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். மருத்துவன் அல்ல. ஆகவே உங்கள் மாமனாரின் உடம்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, அவர் கையில் இருக்கும் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லலாம்.

எண்ணெயில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கொதிக்கும் எண்ணெயில் கடலையைக் கொட்டி எடுப்பதைப் பார்க்கும் எவரும் அது எண்ணெயைக் குடித்து ஊறிப்போயிருக்கும் என்றே நினைப்பார். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொருள் பொரியும்போது எண்ணெய் உடனே உள்ளே போவதில்லை. முதலில் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. வாணலியில் குமிழி விடுவது அந்த ஆவிதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய்க்கு உள்ளே வழி கிடையாது. பொருளை வெளியே எடுத்து ஆறவைக்கும்போதுதான், தண்ணீர் காலி செய்துவிட்டுப் போன இடங்கள் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே எவ்வளவு தண்ணீர் வெளியேறியதோ, ஏறக்குறைய அதைப் பொறுத்தே எண்ணெய் உள்ளே போகும். உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். அதனால்தான் சிப்ஸ் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாக இருக்கிறது. காய்ந்த நிலக்கடலைப் பருப்பில் தண்ணீர் ஐந்தாறு சதவீதம்தான். அது விட்டுச் செல்லும் இடமும் அவ்வளவுதான். போதாததற்குப் பருப்பின் உள்ளே அதன் சொந்த எண்ணெயே நிரம்பிக் கிடக்கிறது.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணை இதை எண்ணாகவே காட்டுகிறது. 100 கிராம் பச்சை நிலக்கடலைப் பருப்பில் கொழுப்பு 49 கிராம். எண்ணெய் இல்லாமல் வறுத்ததில் ஏறத்தாழ 50. எண்ணெயில் வறுத்ததில் 52 அல்லது 53. வறுக்கும்போது ஈரம் போய்விடுவதால் கொழுப்பின் பங்கு தானாகவே சற்று ஏறும், அதுதான் முதல் ஒரு கிராம். ஆக, எண்ணெயில் வறுத்ததற்கான தண்டனை 100 கிராமுக்கு மூன்று கிராம் அளவில் நின்றுவிடுகிறது. நம் ஊர்க் கடலையில் இயற்கையான கொழுப்பே ரகத்தையும் விளைச்சலையும் பொறுத்து 40 முதல் 50 வரை மாறும். ஆடிப் பட்டத்தில் மழையை நம்பி விதைத்த பென்னாகரம் மேட்டுக் கடலையும், கிணற்றுப் பாசனத்தில் திரண்ட கடலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தப் பத்து கிராம் வேறுபாட்டுக்குள் இந்த மூன்று கிராம் தொலைந்தே போகும். சோதனைக் கூடத்தில் கொழுப்பைக் கரைத்து எடுத்து அளப்போம். ஆனால் குடுவையின் அடியில் சேரும் எண்ணெயில் எது கடலையினுடையது, எது வாணலியினுடையது என்று அந்த முறையால் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு பாக்கெட்டில் டிரை ரோஸ்டட் என்று எழுதியிருப்பதாலேயே கொழுப்பு பெரிதாகக் குறைந்துவிட்டது என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. முந்திரிக்கும் பாதாமுக்கும் இதே கதைதான், ஓரிரு கிராம் இப்படி அப்படி.

அப்படியானால் காரக் கலவையில் எண்ணெய் இல்லையா? நிறைய இருக்கிறது. அது கடலையில் இல்லை, கடலைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஓமப்பொடியிலும் காராபூந்தியிலும் இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைகிறோம், பூந்திக்கு இன்னும் நீர்க்கக் கரைக்கிறோம். அந்தத் தண்ணீர் முழுவதும் எண்ணெயில் விழுந்ததும் ஆவியாகிறது, அந்த இடம் முழுவதும் எண்ணெய் வந்து குடியேறுகிறது. போதாக்குறைக்கு நூல் போல் மெலிந்த வடிவம். எடைக்கு எடை பார்த்தால் மேற்பரப்பு மிக அதிகம், ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெயும் அதிகம். நன்றாக வடித்த ஓமப்பொடியிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்த மசாலாக் கடலையும் இந்தக் கணக்கில்தான் சேரும். உள்ளே இருக்கும் பருப்பு எண்ணெய் குடிப்பதில்லை, மேலே இருக்கும் மாவுச் சட்டை குடிக்கிறது.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சென்ற வாரம் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கடையில் கால் கிலோ காரக் கலவை வாங்கினேன். அதில் 100 கிராமைத் தட்டில் கொட்டிப் பேத்தியை உட்கார வைத்துப் பிரிக்கச் சொன்னேன். "தாத்தா, கடலையை மட்டும் நான் தின்னலாமா?" என்று கேட்டாள். எடை போட்ட பிறகு என்றேன். கடலையும் இரண்டு முந்திரித் துண்டும் சேர்ந்து 31 கிராம். ஓமப்பொடி, பூந்தி 58. பொட்டுக்கடலை 7. மீதி நான்கு கிராம் கறிவேப்பிலையும் அடித்தூளும். இப்போது எண்ணெய்க் கணக்கு. கடலை 31 கிராமும் வாணலியிலிருந்து எடுத்துக்கொண்டது அதிகம் போனால் ஒரு கிராம். ஓமப்பொடியும் பூந்தியும் 58 கிராமில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 19 கிராம். ஆக இந்தத் தட்டில் வெளியிலிருந்து வந்த 20 கிராம் எண்ணெயில் கடலைக்குச் சேர வேண்டிய பழி ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமுக்காகத்தான் வறுத்த முறையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறோம்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று பாக்கெட்டுகளையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சத்து விவரப் பெட்டியில் மொத்தக் கொழுப்பு என்று ஒரு வரி, அதன் கீழே நிறைவுற்ற கொழுப்பு என்று ஒரு வரி இருக்கும். சேர்த்த சர்க்கரைக்குத் தனி வரி உண்டு. சேர்த்த கொழுப்புக்கு அப்படி ஒரு வரி கிடையாது, நம் சட்டம் அதைக் கேட்பதில்லை. சிக்கல் இங்கேதான். மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்து வாங்கினால் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெறும் கடலையும் முந்திரியும் உள்ள டிரை ரோஸ்டட் பாக்கெட்டில் 100 கிராமுக்குக் கொழுப்பு 46 கிராம், காரக் கலவையில் 38, சர்க்கரைப் பூச்சில் 27. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் பாக்கெட்தான் மோசம், சர்க்கரைப் பாக்கெட்தான் நல்லது என்று தோன்றும். உண்மையில் முதல் பாக்கெட்டின் 46 கிராமும் கடலை தன் செடியிலிருந்து கொண்டுவந்தது. காரக் கலவையின் 38இல் பாதிக்கு மேல் எண்ணெய் டின்னிலிருந்து வந்தது. சர்க்கரைப் பூச்சில் எண் சிறியதாக இருப்பதற்குக் காரணம், எடையில் ஒரு பெரிய பங்கைச் சர்க்கரை பிடித்துக்கொண்டதுதான்.

டின்னிலிருந்து வந்தது எவ்வளவு என்று வெளியிலிருந்து மதிப்பிட நான் பயன்படுத்தும் ஒரு குறுக்கு வழி உண்டு. நொறுக்குத் தீனித் தொழிலில் மிகப் பரவலாகப் பொரிக்கப் பயன்படுவது பாமோலின். அதில் நூற்றுக்கு 45 அளவில் நிறைவுற்ற கொழுப்பு. கடலை, முந்திரி, பாதாம் ஆகியவற்றின் சொந்தக் கொழுப்பில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எனவே நிறைவுற்ற கொழுப்பு அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே போனால், போன அளவுக்குப் பாமோலின் உள்ளே இருக்கிறது. மொத்தக் கொழுப்பை ஐந்தால் வகுத்து, அதை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து கழியுங்கள். மிச்சத்தை நான்கால் பெருக்குங்கள். ஏன் நான்கு என்றால், பாமோலினில் 45, கடலையில் 20, இடைவெளி 25. அதாவது ஒவ்வொரு கிராம் பாமோலினும் கால் கிராம் மிகையைக் காட்டிக்கொடுக்கிறது.

மேலே சொன்ன காரக் கலவையில் மொத்தம் 38, நிறைவுற்றது 13 என்று போட்டிருக்கிறது என்று கொள்வோம். 38இல் ஐந்தில் ஒரு பங்கு 7.6. பதின்மூன்றிலிருந்து கழித்தால் 5.4. நான்கால் பெருக்கினால் 21.6. சேர்த்த எண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் என்று வருகிறது. தட்டில் பிரித்து எடை போட்டு வந்த 20 கிராமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பாருங்கள். டிரை ரோஸ்டட் பாக்கெட்டில் மொத்தம் 46, நிறைவுற்றது 8 என்றால், ஐந்தில் ஒரு பங்கே 9.2. கழிக்க ஒன்றுமில்லை, சேர்த்த பாமோலின் இல்லை. அதே டிரை ரோஸ்டட் பாக்கெட்டில் நிறைவுற்றது 14 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கடலையை மட்டும் எண்ணெய் இல்லாமல் வறுத்துவிட்டு, கூடவே பொரித்த மாவு உருண்டைகளைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். முன்பக்கத்து எழுத்து கடலைக்கு மட்டும் பொருந்தும், பாக்கெட் முழுவதற்கும் அல்ல.

இந்தக் கணக்கு எங்கே தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். சூரியகாந்தி எண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ பொரித்திருந்தால் மிகை எதுவும் தெரியாது, 20 கிராம் எண்ணெய் இருந்தாலும் கணக்கு பூஜ்யம் என்றே காட்டும். கொப்பரைத் துண்டு, நெய், சாக்லெட் இவை கலந்திருந்தால் எதிர்ப்பக்கம் தவறும், பாமோலின் இல்லாமலேயே எண் எகிறும். அதனால் கணக்குப் போடும் முன் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பட்டியலில் எண்ணெயின் பெயர் இரண்டாவது இடத்தில் இருந்தால், அந்த எண்ணெய் எதுவாக இருந்தாலும் பாக்கெட் எண்ணெய்ப் பாக்கெட்தான். கடலை முதலிலும், உப்புக்குப் பக்கத்தில் கடைசியில் எண்ணெயும் இருந்தால், உப்பு ஒட்டுவதற்காகத் தெளித்த அளவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி உப்பு. உங்கள் மாமனாருக்கு இதுதான் முக்கியம், இங்கே டிரை ரோஸ்டட் என்ற சொல் உதவாது மட்டுமல்ல, சில வேளைகளில் எதிராகவே போகிறது. எங்கள் தொழிற்சாலையில் வறுவல் பிரிவில் பாலக்கோட்டுக்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். நான் சேர்ந்த முதல் மாதம், எண்ணெய் இல்லாமல் வறுத்த கடலையில் உப்பு ஏன் கூடுதலாக வருகிறது என்று அவரிடம் கேட்டேன். "சார், காய்ந்த கடலைமேல் உப்பைத் தூவிப் பாருங்கள், சாக்கின் அடியில்தான் கிடக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் ஏற்ற வேண்டும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். எண்ணெயில் வறுத்த கடலை சூடாக வெளியே வந்ததும் நைசாக அரைத்த உப்பைத் தூவிப் புரட்டுவோம். மேலே ஒட்டியது நிற்கும், மீதி உதிரும். எண்ணெய் இல்லாமல் வறுப்பதற்கு, பருப்பை முதலில் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி வறுக்க வேண்டும், அல்லது ஸ்டார்ச், பிசின் போன்ற ஒட்டும் பொருளோடு உப்பையும் மசாலாவையும் பூச வேண்டும்.

இதில் நாக்கு செய்யும் ஒரு வேலை இருக்கிறது. மேலே தூளாக இருக்கும் உப்பு நாக்கில் பட்டவுடன் கரைகிறது, கொஞ்சம் இருந்தாலே உறைக்கிறது. பருப்புக்குள் ஊறிய உப்பு, மென்று விழுங்குவதற்குள் பாதி நாக்கைத் தொடாமலேயே வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆகவே அதே ருசிக்கு ஊறவைத்த கடலையில் கூடுதல் உப்பு வேண்டியிருக்கிறது. ஓமப்பொடி மாவில் பிசைந்த உப்புக்கும் இதே நிலைமைதான். எனவே வாயில் குறைவாகக் கரிக்கிறது என்பதால் உப்பு குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். எண்ணெயில் வறுத்து மேலே உப்புத் தூவிய கடலையை ஒரு சல்லடையில் போட்டு நன்றாகக் குலுக்கினால் கொஞ்சம் உப்பு கீழே கொட்டும். கறுப்புத் தட்டின்மேல் குலுக்கினால் கண்ணுக்கே தெரியும். ஊறவைத்து வறுத்ததில் குலுக்கினாலும் ஒன்றும் நடக்காது. எந்த முறையில் உப்பு ஏற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி.

எண்ணாகப் பார்க்க வேண்டுமானால் பெட்டியில் சோடியம் வரியைப் பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டு கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. சோடியமாக அது 2000 மில்லிகிராம், நம் பாக்கெட்டுகளில் சதவீதம் போடுவதும் அந்த 2000த்தை வைத்துத்தான். என் கையால் அளந்தவற்றில் உப்புக் கடலை பெரும்பாலும் 100 கிராமுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை வரை, காரக் கலவை இரண்டை ஒட்டி. இது ஒரு தொழிற்சாலையின் அனுபவம், உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கு அதன் முதுகில் இருக்கும் எண்தான் சாட்சி. ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் வரியை விட்டுவிட்டு 100 கிராம் வரியையே ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனம் பரிமாறல் 20 கிராம் என்று சொல்லும், இன்னொன்று 30 என்று சொல்லும், ஒப்பீடு கெட்டுப்போகும்.

உப்பிலிருந்து மட்டும் சோடியம் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பூந்தி பொங்கவும் ஓமப்பொடி பொறுபொறுவென்று இருக்கவும் சமையல் சோடா போடுவார்கள், மசாலாவில் சுவையூட்டி உப்பு இருக்கும், இரண்டிலும் சோடியம் உண்டு, இரண்டும் கரிக்காது. சோதனைக் கூடத்தில் வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் துளியில் நிறுத்தி உப்பைக் கணக்கிடுவோம். அந்த முறை உண்மையில் அளப்பது குளோரைடைத்தான், ஆகவே சோடாவின் சோடியம் அதில் சிக்காது. எங்கள் பதிவேட்டில் இருந்த உப்பு எண்ணும் வெளியே அனுப்பிச் சோதித்த சோடியம் எண்ணும் காரக் கலவையில் மட்டும் பொருந்தாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வெறும் கடலையில் அந்தத் தகராறு வந்ததே இல்லை.

இன்னொன்று, பாக்கெட்டில் போட்டிருக்கும் எண் முழுப் பாக்கெட்டின் சராசரி. பஸ்ஸில், லாரியில் குலுங்கிக் குலுங்கி வரும்போது பெரிய பருப்புகள் மேலேயும், உப்பும் மசாலாத் தூளும் ஒடிந்த ஓமப்பொடியும் கீழேயும் போய்விடுகின்றன. கடைசிக் கைப்பிடி முதல் கைப்பிடியைவிட உப்பானது. பெரியவர்கள் பலர் பாக்கெட்டின் அடித்தூளைக் கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வார்கள், என் அப்பாவும் அப்படித்தான். அதைத் தடுத்தாலே கொஞ்சம் உப்பு மிச்சம்.

சர்க்கரைப் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாகு காய்ச்சி, சுழலும் சட்டியில் கடலையைப் போட்டுப் பாகை ஊற்றிப் புரட்டினால் பூச்சு ஏறிவிடும், எண்ணெய் தேவையில்லை, உப்பும் ஒரு சிட்டிகைக்கு மேல் போகாது. ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் இதுதான் நல்ல பதில் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 60 கிராம் கடலைக்கு 40 கிராம் சர்க்கரை என்ற பக்குவத்தில் செய்தால், 30 கிராம் கைப்பிடியில் 12 கிராம் சர்க்கரை, இரண்டரைத் தேக்கரண்டி. பாக்கெட்டுகளில் சேர்த்த சர்க்கரைக்கு வைத்திருக்கும் நாள் கணக்கே 50 கிராம். இரத்த அழுத்தத்தோடு சர்க்கரை நோயும் இருந்தால் இந்தப் பாக்கெட்டை எடுக்கவே வேண்டாம். சேர்மானப் பட்டியலில் மைதாவோ ஸ்டார்ச்சோ எண்ணெயோ கடலைக்கு அடுத்தாற்போல் இருந்தால், முதலில் மாவுச் சட்டை போட்டுப் பொரித்துப் பிறகு சர்க்கரை ஏற்றியிருக்கிறார்கள். அது மாவு, எண்ணெய், சர்க்கரை என்ற மூன்று குற்றங்களையும் ஒன்றாகச் செய்த பாக்கெட். தேன் கடலை என்று விற்பவற்றில் உப்பும் சேர்த்திருப்பார்கள், இனிப்பு அதை மறைத்துவிடும், அங்கேயும் சோடியம் வரியைப் பாருங்கள்.

ஆகவே உங்கள் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், பட்டியலில் ஓமப்பொடி, பூந்தி, மாவு எதுவும் இல்லாமல் வெறும் பருப்புகள் மட்டும் உள்ள பாக்கெட்டை எடுங்கள். அது எண்ணெயில் வறுத்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அப்படிப்பட்ட இரண்டு பாக்கெட்டுகள் கிடைத்தால் சோடியம் குறைவானதை எடுங்கள். என் அனுபவத்தில் எண்ணெயில் வறுத்து மேலே உப்புத் தூவியது பல வேளைகளில் அந்தப் போட்டியில் ஜெயிக்கிறது, ஆனால் இது விதி அல்ல, எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குறைந்த சோடியம் உப்பு போட்டது என்று விளம்பரம் செய்யும் பாக்கெட்டைக் கண்டால் மட்டும் சற்று நில்லுங்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆகாது. அவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனால் தருமபுரியில் இருந்துகொண்டு பாக்கெட்டுக்குள்ளேயே ஏன் தேட வேண்டும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அதே பஸ் நிலையத்தின் வாசலில் தள்ளுவண்டியில் மணலில் ஓட்டோடு வறுத்த கடலைக்காய் விற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த கடலைக்காயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறவைக்காததில் சேர்த்த உப்பும் இல்லை, சேர்த்த எண்ணெயும் இல்லை, உரித்துத் தின்ன வேண்டியிருப்பதால் கையும் நிதானமாக ஓடும். உப்பே இல்லாமல் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால் வீட்டில் செய்யுங்கள். அரைக் கிலோ பருப்பை வாணலியில் சிறு தீயில், வாசம் வந்து தோல் விரலில் உதிரும் வரை வறுங்கள். அரைத் தேக்கரண்டி தூள் உப்பை, அதாவது இரண்டரை கிராம், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு சூடான கடலைமேல் தெளித்துக் கைவிடாமல் கிளறுங்கள். சுரீரென்று தண்ணீர் பறந்துவிடும், உப்பு வெள்ளைப் பூச்சாக மேலேயே நின்றுவிடும். முன்னாலேயே ஊறவைத்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், கடைசியில் தெளித்தால் நாக்குக்கு நேராக வந்து நிற்கும். 100 கிராமுக்கு அரை கிராம் உப்பு, கடையில் வாங்கும் உப்புக் கடலையில் இருப்பதில் பாதி அல்லது அதற்கும் கீழே. என் வீட்டில் இதைப் பாக்கெட் கடலை என்று சொல்லிக் கொடுத்தபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை. பேத்தி மட்டும் ஓமப்பொடி எங்கே என்று கேட்டாள்.